இரண்டு வகுப்புக்கும் சராசரி 56, ஆனால் ஒரே பாடத்தை நடத்த முடியவில்லை

கரும்பலகை எழுதியது:

தனிப்பயிற்சி நிலையம் ஒன்றில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு நடத்துகிறேன். காலையில் பத்துப் பேர், மாலையில் பத்துப் பேர். சென்ற வாரம் இரண்டு வகுப்புக்கும் ஒரே வினாத்தாளில் 100 மதிப்பெண்ணுக்கு மாதிரித் தேர்வு வைத்தோம். மதிப்பெண்களை ஏறுவரிசையில் தருகிறேன்.

காலை: 48, 50, 52, 54, 55, 57, 58, 60, 62, 64
மாலை: 28, 31, 33, 35, 37, 75, 77, 79, 81, 84

இரண்டையும் கூட்டினால் 560தான் வருகிறது. சராசரி 56. நிலையத்தை நடத்தும் ஐயா இதைப் பார்த்துவிட்டு, "இரண்டு வகுப்பும் ஒரே நிலையில்தான் இருக்கின்றன, ஒரே திருப்புதல் அட்டவணையைப் போட்டுவிடுங்கள்" என்றார். காலை வகுப்பில் நான் ஒரு கணக்கைப் போட்டால் பத்துப் பேரும் ஏறக்குறைய ஒரே இடத்தில் தடுமாறுகிறார்கள். மாலையில் அதே கணக்கைப் போடும்போது பாதிப்பேர் முடித்துவிட்டு அடுத்ததற்குக் காத்திருக்கிறார்கள், மீதிப்பேர் கேள்வியையே எழுதி முடித்திருப்பதில்லை. மாலையில் மூன்று பேர் 35ஐக்கூடத் தொடவில்லை.

திட்ட விலக்கம் கண்டுபிடித்தேன். காலைக்கு 4.9, மாலைக்கு 23.4. அதைக் காட்டியதும் அவர் கேட்டது நியாயமான கேள்வி: "இந்த 23.4 என்ன சொல்கிறது? இதை வைத்து நான் எதை மாற்ற வேண்டும்?" ஒவ்வோர் ஆண்டும் இந்தப் பாடத்தை நடத்துகிறேன். பிள்ளைகள் படிப்படியாகப் போட்டு முழு மதிப்பெண் வாங்குகிறார்கள். ஆனால் அவர் கேட்டதற்கு நேராக ஒரு பதில் என்னிடம் இல்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

சேலம்_பொறியாளர் எழுதியது:

எளிய விஷயம்தான். சராசரியிலிருந்து ஒரு திட்ட விலக்கத் தொலைவுக்குள் 68 விழுக்காட்டினர் இருப்பார்கள், இரண்டுக்குள் 95 விழுக்காட்டினர். உங்கள் மாலை வகுப்பில் 56லிருந்து 23.4ஐக் கழித்தால் 32.6, கூட்டினால் 79.4. ஆக மூன்றில் இரண்டு பங்கு மாணவர்கள் 33க்கும் 79க்கும் இடையில், 56ஐச் சுற்றித் திரண்டிருக்கிறார்கள். விலக்கம் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். நடுவில் இருக்கும் பெரும்பான்மையை மனத்தில் வைத்து நடத்துங்கள், ஓரத்தில் இருக்கும் ஓரிருவரைத் தனியாகக் கவனியுங்கள்.

---

ஏரிக்கரை எழுதியது:

பொறியாளர் தம்பி, எண்களை இன்னொரு முறை பாருங்கள். மாலை வகுப்பில் 37க்கு அடுத்த மதிப்பெண் 75. நடுவே 38 மதிப்பெண் அகலத்துக்கு ஒருவர்கூட இல்லை. 56ஐச் சுற்றித் திரண்டவர் என்று நீங்கள் சொல்லும் மாணவர் அந்த வகுப்பில் இல்லவே இல்லை. 33க்கும் 79க்கும் இடையில் ஆறு பேர் இருக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் அந்த ஆறு பேரும் அந்த இடைவெளியின் இரண்டு ஓரங்களில் நிற்கிறார்கள்.

68, 95 என்ற கணக்கு மணி வடிவில் பரவிய மதிப்பெண்களுக்கு உரியது. மதிப்பெண்கள் எந்த வடிவில் பரவியிருந்தாலும் நிற்கும் உறுதி ஒன்று உண்டு. இரண்டு திட்ட விலக்கத் தொலைவுக்குள் குறைந்தது முக்கால்வாசிப் பேராவது இருந்தே தீர வேண்டும். ஒரு திட்ட விலக்கத்துக்குள் இத்தனை பேர் என்று அப்படி எந்த உறுதியும் இல்லை. நாற்பது ஆண்டுகள் கல்லூரியில் புள்ளியியல் நடத்தியபோது மாணவர்களிடம் நான் அதிகம் திருத்திய பிழை இதுதான், அதனால்தான் முதலில் சொல்கிறேன்.

இனி கரும்பலகையின் கேள்வி. மாலை வகுப்பில் ஒவ்வொருவரும் 56லிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறார் என்று எழுதுங்கள். கீழே இருப்பவர்கள் 28, 25, 23, 21, 19. மேலே இருப்பவர்கள் 19, 21, 23, 25, 28. இவற்றை வர்க்கமாக்கிக் கூட்டினால் 5480. பத்தால் வகுத்தால் 548. அதன் வர்க்கமூலம் 23.4. இப்போது அந்தத் தொலைவுகளை 23.4க்கு அருகில் வைத்துப் பாருங்கள். மிகக் குறைந்தது 19, மிக அதிகம் 28. ஒருவரை எழுப்பிக் கேட்டால் அவர் 56லிருந்து ஏறக்குறைய 23 மதிப்பெண் தொலைவில் இருப்பார், கீழேயோ மேலேயோ. 23.4 சொல்வது அதைத்தான், சரியாகவே சொல்கிறது.

காலை வகுப்பில் தொலைவுகள் 8, 6, 4, 2, 1, பிறகு 1, 2, 4, 6, 8. வர்க்கங்களின் கூட்டல் 242, பத்தால் வகுக்க 24.2, வர்க்கமூலம் 4.9. அங்கே 56 என்று சொன்னால் யாரைப் பற்றிச் சொன்னாலும் ஐந்து மதிப்பெண் முன்பின் ஆகும், அதிகம் போனால் எட்டு.

ஆகவே உங்கள் நிலைய உரிமையாளருக்கு இப்படிச் சொல்லலாம்: "56ஐ நம்பி ஒரு மாணவரைப் பற்றி முடிவெடுத்தால் காலையில் ஐந்து மதிப்பெண் அளவுக்குத் தவறுவோம், மாலையில் இருபத்து மூன்று மதிப்பெண் அளவுக்குத் தவறுவோம்." சராசரியை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதை அளக்கும் எண் இது. எதை மாற்ற வேண்டும் என்பதை இந்த எண் சொல்லாது. அதற்கு நீங்கள் தந்திருக்கும் பட்டியலைத்தான் பார்க்க வேண்டும்.

---

சேலம்_பொறியாளர் எழுதியது:

ஏற்றுக்கொள்கிறேன் ஐயா. பட்டியலைப் பார்க்காமல் சூத்திரத்துக்குப் போய்விட்டேன். தொழிற்சாலையில் எங்களுக்கு வரும் அளவுகள் பெரும்பாலும் மணி வடிவில்தான் இருக்கும், அந்தப் பழக்கத்தில் எழுதியது.

---

திருச்சி_அம்மா எழுதியது:

இந்த இழையைப் படித்ததும் எனக்குப் பயமாக இருக்கிறது. என் மகளும் பத்தாம் வகுப்புதான். அரையாண்டுத் தேர்வில் தமிழ் 90, ஆங்கிலம் 88, கணக்கு 52, அறிவியல் 91, சமூக அறிவியல் 89. சராசரி 82 வருகிறது. அவளையே திட்ட விலக்கம் போடச் சொன்னேன், 15 என்றாள். காலை வகுப்புக்கு 4.9 நல்லது என்றால் இவளுக்கு 15 என்பது மிகவும் அதிகம் அல்லவா? இவள் படிப்பில் நிலையில்லாதவள் என்று இதற்குப் பொருளா? எல்லாப் பாடத்துக்கும் தனிப்பயிற்சிக்கு அனுப்பலாமா என்று யோசிக்கிறோம்.

---

தேன்மொழி_ஆசிரியை எழுதியது:

அம்மா, பயப்பட எதுவும் இல்லை. நீங்கள் கேட்பது இந்த இழையின் கேள்வி அல்ல. கரும்பலகை கேட்பது ஒரே தாளை எழுதிய பத்துப் பேர் எப்படிப் பரவியிருக்கிறார்கள் என்று. உங்களுடையது ஒரே பிள்ளை எழுதிய ஐந்து வெவ்வேறு தாள்கள். கணக்குத் தாளில் 52ம் தமிழ்த் தாளில் 90ம் ஒரே அளவுகோலில் வைக்கக்கூடியவை அல்ல. அந்தப் பள்ளியில் கணக்குத் தாள் எல்லோருக்கும் கடினமாக இருந்திருந்தால் 52 நல்ல மதிப்பெண்ணாகக்கூட இருக்கலாம். அவளுடைய வகுப்பின் கணக்குச் சராசரி என்ன என்று முதலில் கேளுங்கள்.

இருந்தாலும் உங்கள் மகள் போட்ட கணக்கையே எடுத்துக்கொள்வோம். 82லிருந்து விலகல்கள் 8, 6, 9, 7, கணக்குக்கு மட்டும் கீழே 30. வர்க்கமாக்கினால் 64, 36, 81, 49, 900. மொத்தம் 1130. அதில் 900 கணக்குப் பாடத்திலிருந்து மட்டுமே வந்தது. வர்க்கமாக்கும்போது பெரிய விலகல் மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும். மற்ற நான்கு பாடங்களும் 88க்கும் 91க்கும் இடையில் நெருங்கி இருக்கின்றன. அவள் நான்கு பாடங்களில் உறுதியாக இருக்கிறாள், ஒன்றில் உதவி தேவை. ஐந்து பாடத்துக்கும் பயிற்சிக்கு அனுப்பி அவளைக் களைப்பாக்கிவிடாதீர்கள்.

விலக்கம் குறைவாக இருந்தால் நல்லது என்று இங்கே யாரும் சொல்லவில்லை என்பதையும் கவனியுங்கள். பத்துப் பேரும் 30 வாங்கினால் திட்ட விலக்கம் சுழிதான். அந்த வகுப்பை நல்ல வகுப்பு என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

---

திருச்சி_அம்மா எழுதியது:

மிக்க நன்றி அம்மா. கணக்கு ஆசிரியரிடம் வகுப்புச் சராசரியைக் கேட்கிறேன்.

---

தரவுமேசை எழுதியது:

கரும்பலகை தந்த எண்களை விரிதாளில் போட்டுப் பார்த்தேன். எனக்கு 5.2ம் 24.7ம் வருகின்றன. உங்களுக்கு 4.9ம் 23.4ம். எது சரி?

---

கரும்பலகை எழுதியது:

நீங்கள் எந்தச் சார்பைப் பயன்படுத்தினீர்கள்? நான் கையால் போட்டேன், பத்தால் வகுத்தேன். உங்களுடையது ஒன்பதால் வகுத்திருக்க வேண்டும்.

---

தரவுமேசை எழுதியது:

ஆமாம், அதுதான் காரணம். இரண்டையும் போட்டுப் பார்த்தேன்:

```
=STDEV.P(B2:B11)   4.92
=STDEV.S(B2:B11)   5.19
```

முதலாவது பத்தால் வகுக்கிறது, இரண்டாவது ஒன்பதால். என் கருத்தில் இரண்டாவதைத்தான் பயன்படுத்த வேண்டும். இந்தப் பத்துப் பேர் பத்தாம் வகுப்பு மாணவர்களின் ஒரு கூறுதானே.

---

ஏரிக்கரை எழுதியது:

எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைப் பொறுத்தது. கரும்பலகை இந்தப் பத்துப் பேருக்குத்தான் நாளை பாடம் நடத்தப் போகிறார். அவருக்கு வேறு யாரைப் பற்றியும் ஊகிக்க வேண்டியதில்லை, ஆகவே பத்தால் வகுப்பதே பொருந்தும். இதே பத்துப் பேரை வைத்து மாவட்டத்து மாணவர்களின் பரவலை ஊகிக்க முயன்றால் ஒன்பது. அப்போதும், தனிப்பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் மாவட்டத்துக்குச் சரியான கூறு ஆவார்களா என்ற பெரிய கேள்வி முன்னால் நிற்கும். ஒன்பதா பத்தா என்பது அதற்குப் பிறகுதான்.

---

தரவுமேசை எழுதியது:

எனக்கு முழு உடன்பாடு இல்லை ஐயா. ஒரு தேர்வு என்பதே அந்தப் பிள்ளையின் அறிவின் ஒரு கூறுதான். வேறு தாள் கொடுத்திருந்தால் வேறு மதிப்பெண் வந்திருக்கும். ஆனால் இந்த இழைக்கு அது தேவையில்லை என்பதால் விட்டுவிடுகிறேன்.

இன்னொன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனெனில் இதில் நான் அடிபட்டிருக்கிறேன். ஒரு பள்ளியின் மதிப்பெண் பதிவேட்டைக் கணினியில் ஏற்றும் வேலை செய்தேன். ஒரு பிரிவுக்கு மட்டும் விலக்கம் மற்றப் பிரிவுகளைவிட மூன்று மடங்கு வந்தது. அந்தப் பிரிவின் ஆசிரியரைக் கூப்பிட்டுக் காரணம் கேட்டார்கள், அவருக்கும் ஒன்றும் புரியவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தேன்: தேர்வுக்கு வராத ஒரு மாணவருக்கு 0 என்று பதிவு செய்திருந்தார்கள்.

எவ்வளவு வேறுபடும் என்பதை உங்கள் காலை வகுப்பிலேயே காட்டுகிறேன். அந்தப் பத்துப் பேரோடு, வராத ஒருவரைப் பதினொன்றாவதாக 0 என்று சேருங்கள். சராசரி 56லிருந்து 50.9க்கு இறங்குகிறது. திட்ட விலக்கம் 4.9லிருந்து 16.8க்குத் தாவுகிறது. பத்துப் பிள்ளைகளின் மதிப்பெண்ணில் ஒன்றுகூட மாறவில்லை. அந்தக் கட்டத்தில் 0க்குப் பதிலாக AB என்று எழுத்தில் இருந்தால் சார்பு அதைக் கணக்கில் எடுக்காது, 4.9 என்றே காட்டும். அதனால் விலக்கம் பெரிதாக வந்தால் நான் முதலில் பார்ப்பது மிகக் குறைந்த மதிப்பெண்ணைத்தான். அது 0 என்றால் அந்தப் பிள்ளை தேர்வுக்கு வந்தாரா என்று கேட்டுவிட்டுத்தான் மேலே போவேன்.

---

ஏரிக்கரை எழுதியது:

இது அருமையான எச்சரிக்கை. 16.8 என்ற எண்ணை மட்டும் ஒருவரிடம் கொடுத்தால் அவர் வகுப்பே சிதறிக் கிடப்பதாக நினைப்பார். உண்மையில் பத்துப் பேர் ஒட்டி நிற்கிறார்கள், ஒருவர் அந்த அறையிலேயே இல்லை.

---

வடமராட்சி_ஆசிரியை எழுதியது:

வணக்கம். நான் இலங்கையில் உயர்தர வகுப்புகளுக்குக் கற்பிப்பவள். நாங்கள் இதனை நியம விலகல் என்போம், சராசரியை இடை என்போம். எங்கள் பிள்ளைகளின் பல்கலைக்கழக அனுமதியே இந்த எண்ணில்தான் தங்கியிருக்கிறது, ஆகவே ஒரு வார்த்தை சொல்ல விரும்புகிறேன்.

2001ஆம் ஆண்டு க.பொ.த. உயர்தரப் பரீட்சையிலிருந்து இங்கே இசட் புள்ளி முறை நடைமுறையில் உள்ளது. பிள்ளை ஒரு பாடத்தில் பெற்ற புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் இடையைக் கழித்து, மீதியை நியம விலகலால் வகுப்பார்கள். மூன்று பாடங்களுக்கும் அவ்வாறு கண்டு, அவற்றின் சராசரியைக் கொண்டு பிள்ளைகளை நிரற்படுத்துவார்கள். வெட்டுப்புள்ளி என்று நாங்கள் காத்திருந்து பார்ப்பது அந்த எண்ணைத்தான்.

ஏன் வெறும் புள்ளியைக் கூட்டக்கூடாது என்று என் மாணவர்கள் கேட்பார்கள். நான் கரும்பலகையில் இப்படி எழுதிக் காட்டுவேன். எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்தவை. ஒரு பாடத்தில் இடை 50, நியம விலகல் 10. அதில் ஒரு பிள்ளை 70 எடுக்கிறாள். இடையைவிட 20 கூட, ஆகவே இசட் 2. இன்னொரு பாடத்தில் இடை 56, நியம விலகல் 20. அதில் ஒரு பிள்ளை 80 எடுக்கிறான். இடையைவிட 24 கூட, ஆனால் இசட் 1.2தான். புள்ளியைப் பார்த்தால் 80 பெரிது. ஆனால் இரண்டாவது பாடத்தில் எல்லோரும் பரந்து கிடக்கிறார்கள், 24 புள்ளி முந்துவது அங்கே அரிதல்ல. முதற்பாடத்தில் எல்லோரும் நெருங்கி நிற்கும்போது 20 புள்ளி முந்தியிருக்கிறாள். அந்த முயற்சிக்குரிய மதிப்பு அவளுக்குக் கிடைக்க வேண்டும் அல்லவா?

---

சேலம்_பொறியாளர் எழுதியது:

மிகத் தெளிவாக இருக்கிறது. அப்படியானால் கரும்பலகையின் வகுப்புகளுக்கும் இதையே போடலாமே. காலை வகுப்பில் முதலாவதாக வந்தவர் 64. சராசரியைவிட 8 அதிகம், 4.9ஆல் வகுத்தால் 1.6. மாலையில் முதலாவதாக வந்தவர் 84. 28 அதிகம், 23.4ஆல் வகுத்தால் 1.2. ஆக காலை வகுப்பு மாணவரே மேலானவர்?

---

வடமராட்சி_ஆசிரியை எழுதியது:

இல்லை, அங்கே அப்படிச் செய்யக்கூடாது. இரு வகுப்பினரும் எழுதியது ஒரே வினாத்தாள். ஒரே தாளில் 84 எடுத்தவர் 64 எடுத்தவரைவிட அதிகம் செய்திருக்கிறார், அதற்கு மேல் கணக்கு எதுவும் வேண்டாம். இசட் தேவைப்படுவது தாள்கள் வேறுபடும்போது. ஒரே தாளை எழுதியவர்களை நீங்களாகவே இரண்டு குழுவாகப் பிரித்து, ஒவ்வொருவரையும் அவரவர் குழுவுக்குள் அளந்தால், நெருக்கமான குழுவில் இருப்பவருக்குக் காரணமில்லாமல் உயர்வு கிடைக்கும்.

யாரை ஒரு குழுவாக எடுப்பது என்பது சின்னக் கேள்வி அல்ல. 2011ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சையைப் பழைய பாடத்திட்டத்திலும் புதிய பாடத்திட்டத்திலும் பிள்ளைகள் எழுதினார்கள். இரண்டு தொகுதியினரையும் சேர்த்து இசட் புள்ளி கணித்தது பிழை என்று வழக்குப் போய், 2012இல் உயர் நீதிமன்றம் இரண்டையும் தனித்தனித் தொகுதிகளாகக் கொண்டு மீண்டும் கணிக்கச் சொன்னது. வெவ்வேறு தாள் எழுதியவர்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பிய கதை அது. நீங்கள் சொல்வது அதன் மறுபக்கம்: ஒரே தாள் எழுதியவர்களைப் பிரித்துக் குழப்புவது.

---

கரும்பலகை எழுதியது:

குழு என்று நீங்கள் எழுதியதும் ஒன்று உறைத்தது. மாலை வகுப்பின் கீழ் ஐந்து பேர் யார் என்று பதிவேட்டைப் பார்த்தேன். ஐந்து பேரும் ஒரே பள்ளியிலிருந்து வருகிறார்கள். ஒன்பதாம் வகுப்பில் அவர்களுக்குப் பெரும்பாலான மாதங்கள் கணக்கு ஆசிரியர் இடம் காலியாக இருந்திருக்கிறது. விடைத்தாள்களை மறுபடி எடுத்துப் பார்த்தேன். காரணிப்படுத்தும் இடம் வந்தால் ஐந்து பேரும் நின்றுவிடுகிறார்கள். இருபடிச் சமன்பாட்டில் மட்டும் அல்ல, விகிதமுறு கோவையைச் சுருக்கும்போதும் அதே இடத்தில்தான்.

---

ஏரிக்கரை எழுதியது:

இப்போது அந்த 23.4 எங்கிருந்து வருகிறது என்று பிரித்துக் காட்டலாம்.

கீழ் ஐவரை மட்டும் எடுங்கள்: 28, 31, 33, 35, 37. அவர்கள் சராசரி 32.8, திட்ட விலக்கம் 3.1. மேல் ஐவர்: 75, 77, 79, 81, 84. அவர்கள் சராசரி 79.2, திட்ட விலக்கம் அதே 3.1. உங்கள் காலை வகுப்பைவிட இந்த இரண்டு குழுக்களும் தமக்குள் நெருக்கமாக இருக்கின்றன.

விலக்க வர்க்கச் சராசரிக்குப் போவோம், ஏனென்றால் கூட்டிக் கழிக்க அதுதான் இடம் கொடுக்கும். மாலை வகுப்பு முழுவதற்கும் அது 548. குழுக்களுக்குள் இருப்பது 9.76. மீதி 538.24 எங்கே? 32.8, 79.2 என்ற இரண்டு சராசரிகளும் 56லிருந்து 23.2 தள்ளி நிற்கின்றன. 23.2ஐ வர்க்கமாக்கினால் 538.24. அதாவது 548இல் 538 இரண்டு குழுக்களுக்கு இடையே உள்ள பள்ளம்தான். பிள்ளைகளுக்குள் இயல்பாக இருக்கும் ஏற்றத்தாழ்வு பத்துக்கும் குறைவு.

உங்கள் உரிமையாளர் கேட்டாரே, எதை மாற்ற வேண்டும் என்று. மாலை வகுப்பில் பத்து விதமான பிள்ளைகள் இல்லை. இரண்டு வகுப்புகள் ஒரே அறையில் உட்கார்ந்திருக்கின்றன. இந்த எண்களை அவர் முன் வையுங்கள்.

---

கரும்பலகை எழுதியது:

காட்டினேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு, "அப்படியென்றால் மாலையில் எல்லோருக்கும் ஏழு மதிப்பெண் கூடுதலாகப் போட்டுப் பெற்றோருக்கு அறிக்கை அனுப்பலாம், விலக்கமும் குறையும், யாரும் தோற்றதாகவும் இருக்காது" என்றார்.

---

தேன்மொழி_ஆசிரியை எழுதியது:

28 வாங்கியவருக்கு 35 ஆகிவிடும், ஆகவே யாரும் தோற்றதாகத் தெரியாது. ஆனால் விலக்கம் அணுவளவும் குறையாது. எல்லோரும் ஏழு படி மேலே ஏறினால் சராசரியும் ஏழு படி ஏறி 63 ஆகும், இடையில் உள்ள தொலைவு அப்படியே இருக்கும். அதே 23.4. இதே பண்பு நம் பத்தாம் வகுப்புப் பாடத்திலேயே இருக்கிறது. 80க்கு வைத்த தேர்வை 100க்கு மாற்றும்போது மட்டும் விலக்கமும் ஒன்றேகால் மடங்கு ஆகும், ஏனென்றால் தொலைவுகளே நீள்கின்றன.

பெற்றோரிடம் 28ஐ 35 என்று சொன்னால் அந்தப் பிள்ளைக்கு வீட்டில் கிடைக்கக்கூடிய உதவியும் போய்விடும். எனக்கு இதில் கடுமையான எதிர்ப்பு உண்டு.

---

கரும்பலகை எழுதியது:

ஐந்து வாரம் கழித்து வருகிறேன். மதிப்பெண் கூட்டும் யோசனையை அவரே கைவிட்டார். ஒப்புக்கொண்ட ஏற்பாடு இது: மாலையில் முதல் நாற்பது நிமிடம் அந்த ஐவருக்கு மட்டும் காரணிப்படுத்தல். மேல் ஐவர் அந்த நேரத்தில் முந்தைய ஆண்டு வினாக்களைத் தாங்களாகப் போடுவார்கள். இன்று இரண்டாவது மாதிரித் தேர்வின் மதிப்பெண்கள் வந்தன.

மாலை: 36, 38, 40, 44, 47, 73, 76, 78, 80, 83

சராசரி 59.5, திட்ட விலக்கம் 18.9. பத்துப் பேரும் 35ஐத் தாண்டிவிட்டார்கள். முன்பு 28 வாங்கிய மாணவர் இப்போது 40. அவருடைய விடைத்தாளில் இருபடிச் சமன்பாடு முழுவதும் முடிந்திருந்தது, கடைசி வரியில் மட்டும் குறி மாறிவிட்டது. அந்தத் தாளைத் திருத்தும்போது எனக்கு மிகவும் நிறைவாக இருந்தது.

---

தரவுமேசை எழுதியது:

மகிழ்ச்சி. ஆனால் 23.4இலிருந்து 18.9க்கு இறங்கியது முழுவதும் நல்ல செய்தி அல்ல. கீழ் ஐவரின் சராசரி 32.8இலிருந்து 41 ஆகியிருக்கிறது, எட்டு மதிப்பெண் ஏற்றம். மேல் ஐவரின் சராசரி 79.2இலிருந்து 78 ஆகியிருக்கிறது. மேலே இருப்பவர்கள் இறங்கினாலும் விலக்கம் குறையும். அந்த நாற்பது நிமிடம் அவர்களுக்கு வீணாகிறதா?

---

ஏரிக்கரை எழுதியது:

1.2 மதிப்பெண்ணை வைத்து வீண் என்று சொல்லிவிட முடியாது. இது வேறு வினாத்தாள், கொஞ்சம் கடினமாக இருந்திருக்கலாம். அப்படிக் கடினமாக இருந்திருந்தால் கீழ் ஐவரின் எட்டு மதிப்பெண் இன்னும் பெரிய ஏற்றம். கரும்பலகை, காலை வகுப்புக்கும் இதே தாளைத்தானே கொடுத்தீர்கள்? அங்கே எந்த மாற்றமும் செய்யவில்லை என்றால் அவர்கள் சராசரி தாளின் கடினத்தைக் காட்டிக்கொடுக்கும்.

---

கரும்பலகை எழுதியது:

காலை வகுப்புக்கு நாளைதான் தேர்வு, இதே தாள். இன்று எழுதியவர்களிடம் தாளைத் திரும்ப வாங்கி வைத்திருக்கிறேன். மதிப்பெண் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.